புனேயில் மாப்பிள்ளை, கோபியில் பெண்: பத்திரிகைக்கு ஒரே படம்

பெரியவர்கள் உப்புச்சர்க்கரை மாற்றி உறுதி செய்துவிட்டார்கள். முகூர்த்தம் ஆவணியில். ஆடி முடிவதற்குள் பத்திரிகை அச்சாகி வந்தால்தான் சொந்தபந்தம் முழுவதற்கும் நேரில் போய் வைக்க முடியும். பெண் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறார், மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. விடுப்பைக் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருப்பதால் ஒரு படத்துக்காக அவர் ஊருக்கு வரப்போவதில்லை. ஆனால் பத்திரிகையின் முதல் பக்கத்தில் இருவரும் ஒன்றாக நிற்கும் படம் வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள். ஈரோடு, கோபி பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு இது அடிக்கடி வரும் வேலை. வீட்டிலேயே கணினி வைத்திருப்பவரும் இதைச் செய்யலாம். ஆனால் எதை எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு படங்களைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நிறத்தில்தான் கைவைக்கிறார்கள். ஒருவர் நீலமாகவும் மற்றவர் மஞ்சளாகவும் இருப்பது உடனே கண்ணில் படுவதே காரணம். உண்மையில் நிறம்தான் திருத்துவதற்கு எளிது. ஒளி எந்தத் திசையிலிருந்து விழுந்தது, கேமரா எவ்வளவு தூரத்தில் எந்த உயரத்தில் இருந்தது என்ற இரண்டும் படம் எடுத்த நொடியிலேயே உறைந்துவிடுகின்றன. இவை பொருந்தாத இரண்டு படங்களுக்கு எத்தனை மணி நேரம் நிறம் சரிசெய்தாலும், பார்ப்பவர் "ஏதோ ஒட்டவில்லையே" என்பார். என்ன ஒட்டவில்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

கேமராவை முதலில் பார்ப்போம். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். தீர்மானிப்பது தூரம். கைபேசியை முகத்துக்கு ஓரடி தள்ளிப் பிடித்தால் மூக்கு பெரிதாகும், காதுகள் பின்னுக்குப் போகும். மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் முகம் நேரில் பார்ப்பது போல இருக்கும். கோபியில் பெண்ணை ஸ்டூடியோக்காரர் மூன்று மீட்டர் தள்ளி நின்று, கேமராவை நெஞ்சு உயரத்தில் வைத்து எடுத்திருக்கிறார். அப்படியானால் புனேயிலும் அதே மூன்று மீட்டர், அதே நெஞ்சு உயரம்தான். அந்தத் தூரத்தில் கைபேசியில் ஆள் சிறிதாகத் தெரிவார். 2 மடங்கு ஜூம் வைத்துக்கொள்ளலாம், கிட்டே போகக் கூடாது. உயரம் தவறினால் கண்டுபிடிப்பதும் எளிது. மூக்குத் துவாரங்கள் தெரிந்தால் கேமரா கீழே இருந்திருக்கிறது. உச்சந்தலை தெரிந்தால் மேலே இருந்திருக்கிறது. ஒருவருக்குத் துவாரமும் மற்றவருக்கு உச்சந்தலையும் தெரிந்தால், அந்த இரண்டு படங்களையும் சேர்க்க முயலாமல் ஒன்றை மறுபடி எடுக்கச் சொல்வதே நல்லது.

ஒளியின் திசையைப் படிக்க மூன்று இடங்கள் போதும். கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். அது இடப்பக்கம் மேலே இருந்தால் ஒளியும் இடப்பக்கம் மேலிருந்து வந்திருக்கிறது. மூக்கின் நிழல் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். தாடையின் அடியில் விழும் நிழல், ஒளி எவ்வளவு உயரத்திலிருந்து வந்தது என்பதையும் எவ்வளவு கூர்மையானது என்பதையும் காட்டும். நிழலின் ஓரம் கத்தி வெட்டியது போல இருந்தால் நேர் வெயில். கரைந்து போயிருந்தால் நிழலிடம் அல்லது மேகமூட்டம்.

நம் உதாரணத்தில் பெண் காலை எட்டு மணிக்கு வீட்டுத் திண்ணையில், சுண்ணாம்பு அடித்த தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். படத்தின் இடப்பக்கம் திறந்த வாசல். ஒளி அங்கிருந்து மென்மையாக வருகிறது. இடக் கன்னம் வெளிச்சமாகவும் வலக் கன்னம் சற்று மங்கலாகவும் இருக்கின்றன. (இடம், வலம் எல்லாமே இங்கே படத்தைப் பார்ப்பவர் கணக்கில்தான்.) இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திண்ணையின் தரை சிவப்பு ஆக்சைடு பூசியது. வாசல் வெளிச்சம் அந்தத் தரையில் பட்டு எழும்பி, அவர் தாடையின் அடியில் இளஞ்சிவப்பாக ஏறியிருக்கிறது. இதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளி எதிர்ப்பக்கமிருந்து வந்த படம் கிடைத்தால் "கண்ணாடி போலத் திருப்பிவிடலாமே" என்று தோன்றும். ஆணின் படத்தில் சட்டைப் பை எதிர்ப்பக்கம் போகும், பொத்தான் பட்டி மாறும், கைக்கடிகாரம் மாறும், தலை வகிடு மாறும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். முகத்தை என்ன செய்வது? எவருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. திருப்பிய முகத்தைப் பார்த்துப் பெற்ற தாய்தான் முதலில் சொல்வார், "பையன் என்னமோ மாதிரி இருக்கிறானே" என்று. பெண்ணின் படத்தைத் திருப்பவே கூடாது. முந்தானை மாறும், மூக்குத்தி மாறும். ஊரில் ஒரு பாட்டி விடாமல் கேட்பார்.

ஆகவே புனேக்குப் படம் எடுக்கும் முன்பே தகவல் போக வேண்டும். வானம் மூடியிருக்கும் நேரத்தில் பால்கனியில் நிற்கட்டும். நண்பர் ஒருவர் மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுக்கட்டும். அழகாக்கும் வசதியும், பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையும் அணைக்கப்பட்டிருக்கட்டும். அந்த முறை முடியின் ஓரங்களைத் தின்றுவிடும். வாட்ஸாப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பட்டும், இல்லையென்றால் சுருங்கிப் போய் வந்து சேரும். மேகமூட்டத்தை ஏன் கேட்கிறோம் என்றால், அந்த ஒளி எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய சமமாக வருகிறது. முகத்தில் நிழலே அதிகம் இருக்காது. நிழல் இல்லாத முகத்தில் நிழலைச் சேர்க்கலாம். கருத்த நிழல் விழுந்த முகத்திலிருந்து அதை அழித்தெடுப்பது மிகவும் கடினம், அழித்த இடம் சாம்பல் பூசியது போல நிற்கும். ஆடி மாதத்துப் புனேயில் மழைமேகத்துக்குப் பஞ்சமில்லை என்பது நமக்கு வசதி.

இப்போது இரண்டு படங்களும் கையில் இருக்கின்றன. இருவரையும் வெட்டி எடுத்து மூன்றாவதாக ஓர் அரண்மனைப் பின்புலத்தில் ஒட்டும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் ஒரு பொருத்தத்துக்குப் பதிலாக மூன்று பொருத்தங்கள் பார்க்க வேண்டிவரும். ஒருவரை அவர் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவரை மட்டும் கொண்டுவந்து சேர்ப்பதே புத்திசாலித்தனம். இங்கே அசையாமல் இருக்க வேண்டியவர் பெண். அவர் தலையில் மல்லிகைச் சரம், காதோரம் பறக்கும் முடி, பட்டில் ஜரிகை. இவற்றை ஓரம் கெடாமல் வெட்டி எடுப்பது பெரும்பாடு. மாப்பிள்ளைக்குக் குட்டை முடியும் வெள்ளைச் சட்டையும்தான். அவரை வெட்டி எடுப்பது எளிது.

எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதைப் பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு வீடு வழக்கம் உண்டு. ஒளியைப் பொறுத்தவரை ஒரு விஷயம் இருக்கிறது. வாசல் இடப்பக்கம் இருப்பதால், மாப்பிள்ளையை இடப்பக்கம் நிறுத்தினால் அவர் உடம்பு பெண்ணின் மீது விழும் ஒளியை மறைக்கும். அப்போது பெண்ணின் மீதும் நிழல் வரைய வேண்டியிருக்கும். வலப்பக்கம் நிறுத்தினால் நிழல் விழுவது அவர்மீது மட்டும். நம் உதாரணத்தில் வீட்டாரும் வலப்பக்கமே சொன்னதாக வைத்துக்கொள்வோம்.

அளவைப் பொருத்தும்போது முழு உயரத்தை நம்பாமல் தலையை நம்புங்கள். வளர்ந்தவர்களின் தலை, தாடையிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 22 அல்லது 23 செ.மீ. இருக்கும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் சிறிதுதான். பெண்ணின் தலை படத்தில் 600 பிக்சல் உயரம் என்றால் மாப்பிள்ளையின் தலையையும் அதே அளவுக்கோ, ஆண் என்பதால் ஒரு இம்மி கூடவோ கொண்டுவாருங்கள். பிறகு உண்மையான உயரத்தைக் கேளுங்கள். அவர் 5 அடி 9 அங்குலம், இவர் 5 அடி 3 அங்குலம் என்றால் வித்தியாசம் 15 செ.மீ., அதாவது தலையில் மூன்றில் இரண்டு பங்கு. படத்தில் அவருடைய உச்சி இவருடைய உச்சியைவிடச் சுமார் 400 பிக்சல் மேலே இருக்க வேண்டும். கண் மதிப்பில் வைப்பவர்கள் உயரத்தைக் கூட்டிக் காட்டத் தலையையே பெரிதாக்கிவிடுவார்கள். அந்தப் படங்களில் மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்பது போல இருக்கும்.

வெட்டி எடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிர் வானத்துக்கு எதிரே கருத்த முடி என்பதால் மென்பொருளே பெரும்பகுதியைச் சரியாகப் பிடித்துவிடும். முடியின் ஓரத்தில் வானத்தின் வெள்ளை மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டு வரும், அதை மட்டும் இருட்டாக்கினால் போதும்.

நிறத்துக்கு வருவோம். முதலில் படம் முழுவதையும் தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். போட்டோஷாப்பில் மேலே ஒரு `Black & White` அடுக்கை வைத்தால் போதும், பிறகு அணைத்துவிடலாம். நிறம் போனதும் வெளிச்ச வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பெண்ணின் கூந்தலில் கருமை ஆழமாக இருக்கும். மாப்பிள்ளையின் முடி மேகமூட்டத்தில் எடுத்ததால் கறுப்பாக இல்லாமல் அடர்சாம்பலாக வெளிறியிருக்கும். இந்தக் கருமையைப் பொருத்தாமல் நிறத்தைப் பொருத்த முடியாது.

கருமையையும் வெண்மையையும் நிறத்தையும் ஒரே கருவியால் சரிசெய்யலாம். அதன் பெயர் `Curves`. ஜிம்ப் மென்பொருளிலும் இதே பெயரில்தான் இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் சமமாக இருந்தால் அது சாயம் இல்லாத சாம்பல் அல்லது வெள்ளை. `Curves` மூன்று எண்களையும் தனித்தனியாக ஏற்றவும் இறக்கவும் விடுகிறது. இந்த எண்களைப் படித்துக் காட்டும் `Eyedropper` என்ற உறிஞ்சுகுழல் கருவியை ஒரே பிக்சலைப் படிக்காமல் `5 by 5 Average` என்று வைத்துக்கொண்டால் எண்கள் நிலையாக வரும்.

பெண்ணின் படத்தில் வெளிச்சம் படும் வெள்ளைத் தூணைத் தொட்டுப் பார்க்கிறோம்: சிவப்பு 232, பச்சை 222, நீலம் 203. நீலம் குறைவு, அதாவது காலை வெளிச்சத்தின் மஞ்சள் சாயல். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில்: 205, 214, 228. நீலம் அதிகம், மழைமேகத்தின் வெளிச்சம். கூந்தலின் இருட்டில் பெண்ணுக்கு 24, 19, 15. மாப்பிள்ளைக்கு 28, 32, 40. இனி வேலை நேரானது. மாப்பிள்ளையின் அடுக்குக்கு மட்டும் `Curves` போட்டு, சிவப்பில் 28 என்ற புள்ளியை 24-க்கும் 205 என்ற புள்ளியை 232-க்கும் கொண்டுபோகிறோம். பச்சையில் 32-ஐ 19-க்கும் 214-ஐ 222-க்கும். நீலத்தில் 40-ஐ 15-க்கும் 228-ஐ 203-க்கும்.

இதைச் செய்யும்போது அவர் முகத்தை நாம் தொடவே இல்லை. ஆனாலும் முகம் தானாக வந்து பொருந்தும். முன்பு 150, 118, 104 என்று சாம்பல் படிந்திருந்த கன்னம் இப்போது ஏறக்குறைய 167, 115, 79 ஆகிவிடும். கோபித் திண்ணையில் காலை எட்டு மணிக்கு நின்றால் அந்தத் தோல் எப்படித் தெரியுமோ அந்த நிறம் அது.

இந்த இடத்தில்தான் பலரும் வழிதவறுகிறார்கள். இரண்டு முகங்களையும் பக்கத்தில் வைத்து, ஒன்றின் நிறத்தை மற்றதற்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். மாநிறப் பெண்ணுக்குச் சிவந்த மாப்பிள்ளை அமையலாம், சிவந்த பெண்ணுக்குக் கருத்த மாப்பிள்ளை அமையலாம். தோலின் வித்தியாசம் அவர்களுடையது, ஒளியின் வித்தியாசம்தான் நாம் தீர்க்க வேண்டியது. தூணும் சட்டையும் கூந்தலும் ஒளியைப் பற்றிச் சொல்கின்றன. முகத்தை வைத்துப் பொருத்தினால் இரண்டு வித்தியாசங்களும் கலந்துபோய், படத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் போகும். கேட்காமலேயே எல்லா முகத்தையும் வெளுத்துத் தருகிற வழக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்தில் ஆளை நேரில் பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

போட்டோஷாப்பில் `Match Color` என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஒரே சொடுக்கில் ஒரு படத்தின் நிறத்தை இன்னொன்றுக்குத் தரும். அது படத்தின் நிறங்களுக்குச் சராசரி எடுத்து வேலை செய்கிறது. பெண் கட்டியிருப்பது அரக்குப் பட்டு, படத்தில் பாதி அரக்கு. அந்தச் சராசரியை மாப்பிள்ளைக்கு ஏற்றினால் அவருடைய முகமும் சட்டையும் சேர்ந்து சிவக்கும். சேலைக்கும் வெளிச்சத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

வெள்ளையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. திருப்பூர் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று தெரிவதற்காகச் சேர்க்கும் வேதிப்பொருள், வெளிவெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரை நீலமாக மாற்றி உமிழ்கிறது. அதனால் சட்டை இருக்க வேண்டியதைவிட நீலமாகப் பதிவாகும். அதை முழு வெள்ளை என்று நம்பித் திருத்தினால் முகம் அளவுக்கு மீறி மஞ்சளாகும். சுண்ணாம்பிலும் நீலம் கலந்து அடிப்பார்கள் என்பதால் நம் உதாரணத்தில் இரண்டு பிழைகளும் ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன. அப்படி அதிர்ஷ்டம் இல்லாதபோது நீலத்தில் சற்றுக் குறைவாகத் திருத்திவிட்டு, முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு ஊரிலும் சாம்பல் அட்டை ஒன்றைக் கையில் பிடித்து முதல் படம் எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

நிறம் பொருந்தியும் மாப்பிள்ளை தட்டையாகத்தான் இருப்பார். ஏனென்றால் அவர்மீது இன்னும் மேகமூட்டத்து ஒளி. பெண்ணின் இடக் கன்னத்தையும் வலக் கன்னத்தையும் ஒப்பிட்டு, வலக் கன்னம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். மாப்பிள்ளையின் அடுக்கில் இருட்டாக்கும் `Curves` ஒன்றைப் போட்டு, அதை `Layer Mask` என்ற முகமூடியால் முழுவதும் மறைத்துவிட்டு, மென்மையான தூரிகையால் வலக் கன்னம், மூக்கின் வலப்புறம், கழுத்தின் வலப்பாதி, சட்டையின் வலத் தோள் ஆகிய இடங்களில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். நெற்றியின் நடுவில் கோடு போட்டாற்போல் பிரிக்காதீர்கள். நெற்றி உருண்டையானது, ஒளி அதில் மெதுவாகத்தான் இறங்கும்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன சிவப்புத் தரை இப்போது வருகிறது. பெண்ணின் தாடைக்கு அடியில் அது இருக்கிறது, மாப்பிள்ளைக்கு இல்லை. அவரும் அதே திண்ணையில் நிற்பதாகக் காட்டுகிறோம் அல்லவா? புதிய அடுக்கு ஒன்றை `Soft Light` முறையில் வைத்து, தரையிலிருந்தே நிறத்தை உறிஞ்சி, தாடையின் அடியிலும் சட்டைக் காலரின் கீழ்ப்புறத்திலும் லேசாகத் தடவுங்கள். பத்து சதவீத அடர்த்திக்கு மேல் வேண்டாம். தனியாகப் பார்த்தால் தெரியக் கூடாது, அடுக்கை அணைத்தால் மட்டும் குறை தெரிய வேண்டும்.

இருவரும் தொடும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெண்ணின் தோள் மாப்பிள்ளையின் கைக்கு முன்னால் வருகிறது. உண்மையில் நின்றிருந்தால் அவருடைய வெள்ளைக் கைச்சட்டையில் ஒரு நிழல் விழுந்திருக்கும். `Multiply` முறையில் ஒரு அடுக்கு வைத்து அதை வரைய வேண்டும். சேலையை ஒட்டிய இடத்தில் அடர்த்தியாகவும் குறுகலாகவும், தள்ளிப் போகப் போக வெளிறி அகலமாகவும் வர வேண்டும். கறுப்பால் வரைந்தால் அழுக்கு ஒட்டியது போல ஆகிவிடும். அந்த இடத்துக்கு வாசல் வெளிச்சம் போகாது, சேலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் போகும். ஆகவே நிழலின் நிறம் அரக்குச் சேலையின் இருண்ட மடிப்பிலிருந்து எடுத்த செம்பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையில் அந்தச் சிவப்பு சற்றே ஏறியதும் இருவரும் பக்கத்தில் நிற்பது போலவே ஆகிவிடும். நான் பார்த்தவரை, ஒட்டுவேலை என்று தெரியும் படங்களில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இந்த ஒரு நிழல்தான்.

கைபேசிப் படம் ஓரங்களைக் கூர்மையாக்கிப் பதிவு செய்யும். கேமராப் படம் மென்மையாக இருக்கும். மாப்பிள்ளையின் புருவத்தையும் பெண்ணின் புருவத்தையும் முழு அளவில் பெரிதாக்கி ஒப்பிட்டு, அவரைச் சற்று மங்கலாக்குங்கள். பிறகு இருவருக்கும் சேர்த்து மிக மெல்லிய துகள் அடுக்கு ஒன்று போடுங்கள், வித்தியாசம் மறைந்துவிடும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. `Hue/Saturation` அடுக்கில் நிறச்செறிவை உச்சத்துக்கு ஏற்றுங்கள். படம் கோரமாகும், பரவாயில்லை. ஒரு முகம் ஆரஞ்சாகவும் மற்றது ரோஜா நிறமாகவும் பிரிந்து நின்றால் நீலம் இன்னும் பொருந்தவில்லை. இரண்டும் ஆரஞ்சின் பக்கமாகவே இருந்தால், ஒன்று அடர்ந்தும் ஒன்று வெளிர்ந்தும் தெரிந்தாலும், வேலை சரி. அடுக்கை அழித்துவிடுங்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது படம் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும். 5 க்கு 7 அங்குலம் என்றால் 1500 க்கு 2100 பிக்சல். அச்சின் நான்கு மைகளால் திரையில் தெரியும் எல்லாச் சிவப்பையும் கொண்டுவர முடியாது. அரக்குப் பட்டு கொஞ்சம் மங்கும், மஞ்சள் கலந்த நிழல்கள் கொஞ்சம் கருக்கும். போட்டோஷாப்பில் `Proof Colors` என்பதை இயக்கினால் இது முன்கூட்டியே தெரியும். சிவகாசியில் அடித்தாலும் ஈரோட்டில் அடித்தாலும், முழு எண்ணிக்கையையும் ஓட்டும் முன் ஒரு மாதிரித் தாளை வாங்கி, குழல்விளக்குக்கு அடியில் பார்க்காமல் வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாப்பிள்ளையின் வலக் கன்னத்தில் நாம் வரைந்த நிழல் தாளில் ஒரு படி கூடுதலாகக் கருத்திருந்தால் அந்த முகமூடியை மட்டும் சற்றுக் குறைத்து மறுபடி அனுப்பினால் போதும். அடுக்குகளோடு கோப்பைச் சேமித்து வைத்திருந்தால் அது ஐந்து நிமிட வேலை.